பெட்ரோல் காசும் சர்வீஸ் செலவும் கேட்டு முதலாளிக்குக் கடிதம்: சொந்த வண்டியில் டெலிவரிக்குப் போகிறவர்களுக்கு

மதுரையில் ஒரு கூரியர் ஹப்பில் பில் பாஸ் செய்யும் மேசையில் சில வருடம் உட்கார்ந்திருந்தேன். ரைடர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் முதலில் என் கைக்குத்தான் வரும். பெரும்பாலான கடிதங்களில் இருந்தது ஒரே விஷயம்: "விலைவாசி ஏறிவிட்டது, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, பார்த்துச் செய்யவும்." இதைப் படிக்கிற மேனேஜருக்கு இரக்கம் வரும், ஆனால் கையெழுத்துப் போட ஒரு எண் வேண்டுமே! எவ்வளவு கொடுப்பது, எதை வைத்துக் கொடுப்பது என்று கடிதத்தில் இல்லாவிட்டால் அது ஃபைலுக்குள் போய்விடும்.

அதனால் கடிதம் எழுதும் வேலையில் முக்கால்வாசி, பேனாவை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ரைடர்களுக்கான வழி. கூரியர் ஏஜென்சி, மருந்து மொத்த விற்பனைக் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர், தண்ணீர் கேன் கம்பெனி, இப்படி ஒரு முதலாளியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த வண்டியை ஓட்டுகிறவர்கள். சாப்பாடு கொண்டுபோகும் ஆப் கம்பெனிகளில் உங்களை ஊழியர் என்றே சொல்ல மாட்டார்கள், 'பார்ட்னர்' என்பார்கள். ஆர்டருக்கு இவ்வளவு என்று வரும் காசிலேயே பெட்ரோலும் அடக்கம் என்பது அவர்கள் கணக்கு. அங்கே இந்தக் கடிதம் எடுபடாது.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

தனியார் நிறுவனம் ரைடருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு பெட்ரோல் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியாக ஒரு விதி கிடையாது. எல்லாம் வேலைக்குச் சேரும்போது என்ன பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருந்தால் அதையும், கடைசி சம்பளச் சீட்டையும் எடுத்து, 'கன்வேயன்ஸ்' என்றோ 'பெட்ரோல் அலவன்ஸ்' என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் அதைக் கடிதத்தில் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். "தற்போது மாதம் 2,500 ரூபாய் பெட்ரோலுக்குத் தருகிறீர்கள்" என்று தொடங்கினால், "அதான் குடுக்குறோமேப்பா" என்ற பதிலுக்கு இடமே இல்லாமல் போகும். இதை மறைத்து எழுதிய கடிதம் அந்த ஒரே காரணத்துக்காகத் திரும்பி வரும். நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சீட்டில் அப்படி வரியே இல்லை, வாய்வார்த்தையாகத்தான் கொடுக்கிறார்கள் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

கிலோமீட்டர்தான் ஆதாரம்

பெட்ரோல் பில்லை ஆதாரமாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பில் காட்டுவது நீங்கள் பெட்ரோல் போட்டீர்கள் என்பதை மட்டும்தான். அதை ஹப் வேலைக்கு ஓட்டினீர்களா, ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய் வந்தீர்களா என்பதை அது காட்டாது. முதலாளிக்கு இருக்கிற சந்தேகமும் அந்த இடத்தில்தான். அவர் சந்தேகத்தைத் தீர்ப்பது கிலோமீட்டர் கணக்கு.

ஒரு சின்ன நோட்டு போதும். காலையில் ஹப்பில் சரக்கு ஏற்றும்போது மீட்டர் எண், சாயங்காலம் ஹப்பில் கணக்கு முடித்துக் கிளம்பும்போது மீட்டர் எண். இரண்டையும் மீட்டரோடு சேர்த்து போனில் ஒரு படம். வீட்டிலிருந்து ஹப்புக்கு வருவதும், ஹப்பிலிருந்து வீட்டுக்குப் போவதும் இதில் சேராது. சேர்க்காதீர்கள். நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றைய டிஆர்எஸ் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெலிவரி ரன் ஷீட் கம்பெனியே அடித்துக் கொடுத்த தாள். எந்தெந்த ஏரியா, எத்தனை பார்சல் என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. உங்கள் கிலோமீட்டரும் அவர்கள் டிஆர்எஸ்ஸும் ஒத்துப்போனால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கூரியர் அல்லாத கடைகளில் டெலிவரி சலான் இந்த வேலையைச் செய்யும்.

இப்படி ஒரு மாதம் முழுதாக எழுதினால் போதும், இரண்டு மாதம் என்றால் இன்னும் நல்லது. எந்த மாதம் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சித்திரைத் திருவிழா நடக்கும் மாதம் வேண்டாம். மாசி வீதிகள் பக்கம் வண்டி விடமாட்டார்கள், அழகர் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பாலம் பக்கமே போக முடியாது, சுற்றிச் சுற்றிக் கிலோமீட்டர் ஏறும். "அது திருவிழாக் கணக்குப்பா" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதமும் அப்படித்தான், பார்சல் கூட்டம் அதிகம். ஆடி மாதிரி சாதாரணமாக ஓடும் மாதத்தை எடுங்கள்.

நோட்டைப் பார்த்ததுமே பொய் தெரியும் இடம் ஒன்று உண்டு. 80, 80, 75, 80 என்று வரிசையாக முழு எண்கள் இருந்தால் அது மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது. உண்மையான நோட்டில் 73 இருக்கும், 91 இருக்கும், மழை பெய்த நாளில் 58 இருக்கும். இன்னொன்று, பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்துபோனால் மீட்டர் நின்றுவிடும். அப்படியானால் முதலில் கேபிளை மாற்றிவிட்டு நோட்டைத் தொடங்குங்கள். "மீட்டர் ஓடவில்லை, தோராயமாக எழுதினேன்" என்று கொடுத்தால் மொத்த நோட்டும் தோராயம் ஆகிவிடும்.

மைலேஜ்: சண்டை வரும் இடம்

ஒரு உதாரணம் வைத்துக்கொண்டு போவோம். மாட்டுத்தாவணிப் பக்கம் ஹப். ரைடருக்குக் காலையில் கே.கே. நகர், அண்ணா நகர். மதியத்துக்கு மேல் ஒத்தக்கடை, திருமோகூர். பார்சல் இருக்கும் நாளில் மேலூர் வரை. வண்டி 100 சிசி, ஆறு வருடம் ஓடியது. ஒரு மாதம் எழுதிய நோட்டில் 26 வேலை நாளுக்கு 2,080 கிலோமீட்டர் வந்திருக்கிறது. இப்போது கிடைப்பது மாதம் 2,500 ரூபாய்.

இனி ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரிய வேண்டும். முதலாளியின் தலையில் இருப்பது ஷோரூமில் கேட்ட எண். உரையாடல் இப்படித்தான் போகும்:

"அந்த வண்டி அறுபது குடுக்கும்லப்பா?"

"மேலூர் ரோட்டுல நேராப் போனாக் குடுக்கும்ணே. அண்ணா நகர்ல வீட்டுக்கு வீடு நிப்பாட்டி எடுத்தா எங்கிட்டுக் குடுக்கும்?"

வாயால் சொன்னால் இந்தப் பேச்சு முடியவே முடியாது. அளந்து காட்ட வேண்டும். அளக்கும் முறை எளிது. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு டேங்க் நிரப்புங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் ஒரு தடவைக்கு ஒரு தடவை அளவு மாறும். டேங்க் கழுத்தில் பெட்ரோல் எந்த மட்டத்துக்கு வந்தபோது நிறுத்தினீர்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டு மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள். மூன்று நாலு நாள் வழக்கம்போல் டெலிவரிக்கு ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை எத்தனை லிட்டர் போனது என்பதுதான் நீங்கள் செலவழித்த பெட்ரோல். "இருநூறுக்குப் போடுங்க" என்று சில்லறையாகப் போட்டு இதை அளக்க முடியாது.

நம் உதாரணத்தில் முதல் தடவை மீட்டர் 41,310. இரண்டாம் தடவை 41,609. ஓடியது 299 கிலோமீட்டர். நிரம்பிய பெட்ரோல் 6.5 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 46. ஒரு தடவை அளந்ததை மட்டும் வைத்துப் பேசாமல், மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். ஒன்று 44, ஒன்று 48 என்று வந்தால் பயமில்லை. ஒன்று 38 என்று வந்தால் அளவில் எங்கோ பிழை, அல்லது வண்டியில் கோளாறு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்துவிட்டு அளங்கள். கோளாறான வண்டியின் மைலேஜை வைத்துக் காசு கேட்டால், "வண்டியைப் பாத்து வச்சுக்கப்பா" என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள்.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 101-ஐ 46-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு. 2,080 கிலோமீட்டருக்கு 4,576 ரூபாய். இதையே முதலாளி சொல்கிற 60 மைலேஜில் போட்டால் ஏறக்குறைய 3,500தான் வரும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. அளப்பதைப் பற்றி இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் அதுதான்.

மொத்தத் தொகையாகக் கேட்பதை விடக் கிலோமீட்டர் விகிதமாகக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. 2017 ஜூன் முதல் பெட்ரோல் விலை தினமும் மாறும் முறைதான் இருக்கிறது. "மாதம் 4,500" என்று வாங்கிவிட்டால் விலை ஏறும்போது மறுபடி கடிதம் எழுத வேண்டும். ரூட்டை மாற்றி மேலூருக்குப் பதில் வாடிப்பட்டி வரை போகச் சொன்னாலும் அதே தொல்லை. "மாதம் 1-ஆம் தேதி விலையை 46-ஆல் வகுத்த விகிதம்" என்று எழுதிவிட்டால் அது தானாக ஏறும், தானாக இறங்கும். இறங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதலாளிக்குப் பிடிக்கிற வரி அது.

சர்வீஸ் செலவை எப்படிக் கேட்பது

பெட்ரோலுக்கு விகிதம் சரி, சர்வீஸுக்கு அப்படி வேண்டாம். காரணம் சொல்கிறேன். கிலோமீட்டருக்கு 40, 50 காசு என்று மாதாமாதம் சர்வீஸ் காசு கையில் வந்தால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். டயர் மாற்றும் நாளில் கையில் இருக்காது. முதலாளிக்கும் காசு கொடுத்த பிறகு வண்டி பிரேக் ஷூ தேய்ந்து கிறீச்சென்று வந்து நின்றால் கோபம்தான் வரும். பில் கொடுத்தால் காசு என்ற ஏற்பாடு இரண்டு பேருக்கும் நல்லது.

நம் உதாரண வண்டி சொந்த ஓட்டமும் சேர்த்து மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறது. வருடத்துக்கு 28,800. ஆபீஸ் போய் வருகிறவரின் வண்டி மூன்று நாலு வருடத்தில் ஓடுவதை இது ஒரே வருடத்தில் ஓடிவிடுகிறது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் மாற்றம் என்று வைத்தால் வருடத்தில் 9 தடவை. ஆயிலும் கூலியும் வாட்டர் வாஷும் சேர்த்து தடவைக்கு 650 என்றால் 5,850. பின் டயர் ஒன்று, 2,000. செயின் ஸ்ப்ராக்கெட் செட் 1,600. பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் வருடத்துக்கு இரண்டு தடவை, மொத்தம் 2,000. அடிக்கடி நிறுத்தி எடுக்கும் வண்டியில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் போகும், அது 1,500. கேபிள், பல்ப், பஞ்சர் என்று ஒரு 850. கூட்டினால் 13,800. விலையெல்லாம் கடைக்குக் கடை மாறும். உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

இதில் முழுசாகக் கேட்கக் கூடாது. 2,400-இல் 2,080தான் கம்பெனி ஓட்டம், அதாவது 87 சதவீதம் சுமார். 85 சதவீதம் கேளுங்கள். "மீதி என் சொந்த உபயோகம், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், "வீட்டுக்கும்தானே ஓட்டுற" என்ற கேள்வி வராது. 13,800-இல் 85 சதவீதம் 11,730. ஆகவே வருடத்துக்கு 12,000 உச்சவரம்பு என்று கேட்கலாம்.

உச்சவரம்பை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும். முதலாளிக்குத் தேவை, இந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்ற உறுதி. அதை நாமே கொடுத்தால் அவர் குறைத்து ஒன்றைச் சொல்ல மாட்டார். ஆனால் வரம்பு வருடத்துக்கு என்று இருக்கட்டும், மாதத்துக்கு 1,000 என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். டயரும் செயின் செட்டும் ஒரே மாதத்தில் வந்து உட்காரும். அந்த மாதம் 3,600 செலவாகி 1,000 கிடைக்கும், மற்ற மாதம் 650 செலவுக்கு 650-க்குக் குறைவாகத்தான் கிடைக்கும். மாத வரம்பு என்பது சத்தமில்லாமல் பாதியை வெட்டும் வழி.

பில் விஷயத்தில் கவனமாக இருங்கள். தெருமுனை மெக்கானிக் பில் கொடுக்க மாட்டார், கேட்டால் ஒரு துண்டுத் தாளில் '650' என்று எழுதித் தருவார். அவரிடமே ஒரு பில் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள், பெரிய காசில்லை. கடைப் பெயர், தேதி, வண்டி எண், மீட்டர் எண், செய்த வேலை, கையெழுத்து இவ்வளவும் இருந்தால் போதும். ஆயில், டயர், செயின் செட் போன்றவற்றை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நீங்களே ஜிஎஸ்டி பில்லோடு வாங்கி மெக்கானிக்கிடம் கொடுப்பது இன்னும் நல்லது. பங்க் பில்லும் டயர் கடைப் பில்லும் பல இடங்களில் மெழுகுத் தாள் மாதிரி ஒரு தாளில் வரும். வெயிலில் சட்டைப் பையில் வைத்தால் சில வாரத்தில் எழுத்து மறைந்துவிடும். வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். யூபிஐ ஸ்கிரீன்ஷாட் பில்லுக்குச் சமம் ஆகாது, காசு போனதைத்தான் அது சொல்லும்.

விபத்தில் அடிபட்ட செலவு, டிராஃபிக் அபராதம், இன்சூரன்ஸ் இவற்றை இந்தக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள். இன்சூரன்ஸ் தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த டூவீலர் பாலிசி, சரக்கு ஏற்றிப் போவதை விலக்கித்தான் வைத்திருக்கும். அதை வேறொரு நாள் வேறொரு தாளில் கேளுங்கள். அதேபோல், போன வருடத்துப் பாக்கியையும் கேட்காதீர்கள். அப்போது நோட்டு இல்லை, ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாத ஒரு கோரிக்கை, ஆதாரமுள்ள இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அவருக்கு என்ன லாபம்

சம்பள உயர்வாகக் கேட்பதற்கும் செலவை ஈடுகட்டக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அக்கவுன்டன்ட்டுக்கு இது உடனே புரியும். பி.எஃப்., இஎஸ்ஐ இரண்டையும் முழுச் சம்பளத்துக்கும் கட்டுகிற நிறுவனம் என்றால், 2,000 ரூபாய் சம்பளம் ஏற்றும்போது முதலாளி அதற்கு மேல் பி.எஃப். 12 சதவீதமும் இஎஸ்ஐ 3.25 சதவீதமும், ஆக 305 ரூபாய் கட்ட வேண்டும். உங்கள் பங்கும் பிடிபடும். வேலையின் தன்மையால் வரும் செலவை ஈடுகட்டக் கொடுக்கும் தொகை இஎஸ்ஐ கணக்கில் சம்பளமாகச் சேராது. ஆனால் அது உண்மையிலேயே பில்லோடும் நோட்டோடும் கொடுத்த தொகையாக இருக்க வேண்டும். அதனால் கடிதத்தில் 'உயர்வு' என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உதாரண ரைடரின் கடிதம் இப்படி இருக்கும்:

அனுப்புநர்:
(பெயர், ஊழியர் எண்)
டெலிவரி ரைடர், மாட்டுத்தாவணி கிளை, மதுரை.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
(நிறுவனத்தின் பெயர்), மதுரை.

பொருள்: சொந்த வாகனத்துக்குப் பெட்ரோல் படியும் சர்வீஸ் செலவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நம் கிளையில் கே.கே. நகர், அண்ணா நகர், ஒத்தக்கடை, மேலூர் ரூட்டில் என் சொந்த இருசக்கர வாகனத்தில் (வண்டி எண்) டெலிவரி செய்து வருகிறேன். பெட்ரோலுக்காக மாதம் ரூ.2,500 தருகிறீர்கள்.

ஆடி மாதக் கணக்கின்படி, ஹப்பில் கிளம்பி ஹப்புக்குத் திரும்பியது வரை 26 நாளில் 2,080 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். தினசரி மீட்டர் கணக்கை டிஆர்எஸ் எண்ணுடன் இணைத்துள்ளேன். மூன்று முறை டேங்க் நிரப்பி அளந்ததில் லிட்டருக்குச் சராசரி 46 கி.மீ. வருகிறது. லிட்டர் ரூ.101 விலையில் பெட்ரோலுக்கு மட்டும் ரூ.4,576 ஆகிறது. மாதம் ரூ.2,076 என் சம்பளத்திலிருந்து செலவாகிறது.

ஆகவே கீழ்க்கண்ட இரண்டையும் வரும் மாதம் முதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: இப்போதைய ரூ.2,500-க்குப் பதிலாக, ஓட்டிய கிலோமீட்டருக்குப் பெட்ரோல் படி. மாதம் 1-ஆம் தேதி விலையை 46-ஆல் வகுத்து விகிதம் வைத்துக்கொள்ளலாம். விலை குறைந்தால் படியும் குறையும்.

இரண்டு: சர்வீஸ், ஆயில், டயர், பிரேக், செயின் செலவில் 85 சதவீதம், பில் கொடுத்த பிறகு. வருடத்துக்கு ரூ.12,000-க்கு மேல் கேட்க மாட்டேன். மீதி 15 சதவீதம் என் சொந்த உபயோகத்துக்கானது.

கணக்கில் சந்தேகம் இருந்தால் எந்த நாளும் என்னுடன் வண்டியில் ஆள் அனுப்பிச் சரிபார்க்கலாம்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி)

இணைப்பு: மீட்டர் கணக்கு, மைலேஜ் அளந்த பங்க் பில்கள், கடந்த சர்வீஸ் பில்கள்.

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், பிள்ளை படிப்பு, வீட்டு வாடகை எதுவும் வேண்டாம். அவை உண்மையாக இருந்தாலும், செலவுக் கணக்கை உதவி கேட்பதாக மாற்றிவிடும். "நான்கு வருடமாக விசுவாசமாக உழைக்கிறேன்" என்பதும் அப்படியே. கடைசி வரியில் ஆள் அனுப்பிப் பார்க்கலாம் என்று எழுதியதைச் சிலர் வேண்டாம் என்பார்கள். நான் வைக்கவே சொல்வேன். யாரும் வரப்போவதில்லை, ஆனால் எழுதியவர் கணக்கில் நிற்கிறார் என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பிலோ மெயிலிலோ அனுப்பிவிடுங்கள், தேதி அதில் பதிவாகிவிடும். கொடுக்கும் நேரமும் முக்கியம். காலையில் லோடு பிரிக்கிற பரபரப்பில் நீட்டாதீர்கள். மாதம் 20-ஆம் தேதிக்குப் பக்கத்தில், மதியம் ஹப் காலியாக இருக்கும்போது கொடுத்தால் அடுத்த மாதச் சம்பளக் கணக்குப் போடுவதற்குள் பேசி முடிக்க நாள் இருக்கும்.

"மொத்தமா ஒரு 3,500 வச்சுக்க" என்றால்

பெரும்பாலும் வரும் பதில் இதுதான். மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். 3,500-ஐ 2.20-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1,590 கிலோமீட்டர். "சரிண்ணே, 3,500 இருக்கட்டும். ஆனா 1,600 கிலோமீட்டர் வரைக்கும். அதுக்கு மேல ஓடுனதுக்கு மட்டும் 2.20 போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். அவருக்கு நிலையான தொகை கிடைத்த மாதிரி ஆயிற்று, உங்களுக்கு 2,080 ஓடிய மாதத்தில் 4,556 வந்துவிடும். வெறும் 20 ரூபாய்தான் விட்டுக்கொடுத்தீர்கள். தீபாவளி மாதத்தில் 2,600 ஓடினாலும் கை கடிக்காது.

"எல்லாருக்கும் குடுக்கணும்ப்பா, உனக்கு மட்டும் எப்படி?" என்பது அடுத்தது. இது நியாயமான கேள்வி. அதனால் முன்கூட்டியே மற்ற ரைடர்களோடு பேசி, ஆளுக்கு ஒரு நோட்டாக எழுதிக் கொண்டுபோவது நல்லது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மைலேஜ் எழுதாதீர்கள். சிம்மக்கல், கீழவாசல் சந்துகளில் ஓட்டுகிறவருக்கு 42 வரும், திருமங்கலம் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு 50 வரும். ஸ்கூட்டர் என்றால் இன்னும் குறையும். எல்லாக் கடிதத்திலும் 46 இருந்தால் யாரோ ஒருவர் எழுதியதைப் பார்த்து எழுதியதாகத்தான் தெரியும்.

ஒத்துக்கொண்டால் அதை வாய்வார்த்தையாக விடாமல், உங்கள் கடிதத்தின் பிரதியிலேயே மேலாளர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்: எந்த மாதம் முதல், என்ன விகிதம், பில் எந்தத் தேதிக்குள். ஒத்துக்கொண்ட பிறகும் நோட்டை நிறுத்திவிடாதீர்கள். முதல் மாதத்துக் கணக்கை நீங்களே ஒரே தாளில் போட்டுக் கொடுங்கள்: ஆரம்ப மீட்டர், கடைசி மீட்டர், கம்பெனி கிலோமீட்டர், விகிதம், தொகை, பின்னால் சர்வீஸ் பில் பின் குத்தியது. அடுத்த மாதம் 3-ஆம் தேதிக்குள் அது அக்கவுன்டன்ட் மேசையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் அந்த மாதச் சம்பளத்தில் ஏறாது.